18-ஆம் தேதி கூப்பிடும் அண்ணாச்சியிடம் ‘இப்போ வர முடியாது’ என்று சொல்வது எப்படி? ஆடிட்டர் ஆபீஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். அம்பாசமுத்திரத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் போன் பண்ணினார். “தம்பி, 18-ந் தேதி காலைல 11 மணிக்கு ஒரு எட்டு கடைக்கு வந்துட்டுப் போ. தென்காசிலருந்து மச்சினனும் வாரான், உக்காந்து பேசிருவோம்.”

நான் சொன்னது ரெண்டே வார்த்தை: “பாக்கேன் அண்ணாச்சி.”

என் மனதில் அதற்கு அர்த்தம் ‘முடியாது’. அவர் காதில் அது ‘வாரேன்’. 18-ஆம் தேதி ஒரு மணி வரை அவரும் மச்சினனும் கடையில் காத்திருந்தார்கள். நான் இங்கே 20-ஆம் தேதிக் கெடுவுக்காகப் பத்துக் கடைகளின் கணக்கில் மூழ்கிக் கிடந்தேன், போனைக்கூட எடுக்கவில்லை. மறுநாள் அவர் என்னைக் கூப்பிடவில்லை, நேராக என் சீனியரைக் கூப்பிட்டார். “பையன் வாரேன்னு சொல்லிட்டு வரல. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லலாம்லா?”

அவர் கேட்டது நியாயம். அன்றிலிருந்து ஒரு வருஷம் தட்டுத்தடுமாறி நான் பழகிக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்து, கடைக்காரர்களிடம் போனில் பேச வேண்டியிருக்கும் ஆட்களுக்காக எழுதியது இது. நம் ஊர்ப் பக்கம் ‘வர முடியாது’ என்பதை யாரும் கோபமாக எடுத்துக்கொள்வதில்லை. காத்திருக்க வைத்ததைத்தான் மறக்க மாட்டார்கள்.

1. முதலில் உங்கள் மாதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்தத் தேதியில் எதற்கு ‘முடியாது’ சொல்ல வேண்டிவரும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்தான். டிடிஎஸ் பிடித்த பணத்தை 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் GSTR-1-ஐ 11-ஆம் தேதிக்குள் போட வேண்டும். 14-ஆம் தேதி GSTR-2B வரும். உங்கள் கடைக்காரருக்குச் சரக்கு விற்றவர்கள் எந்தெந்த பில்லை ஏற்றியிருக்கிறார்கள் என்று அதில்தான் தெரியும். 20-ஆம் தேதிக்குள் GSTR-3B தாக்கல் செய்து வரியும் கட்டியாக வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் சின்னக் கடைகளுக்கு, நம் தமிழ்நாட்டில், காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22 வரை நேரம் உண்டு. இடையிடையே அரசு கெடுவை நீட்டித்து அறிவிப்பதும் நடக்கும். அதை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஆகவே 15 முதல் 20 வரை வெளியே போக முடியாது. அதே நாட்களில்தான் கடைக்காரர்கள் அதிகம் கூப்பிடுவார்கள். காரணம் எளிது: ‘இந்த மாசம் இவ்வளவு கட்டணும்’ என்று 15-ஆம் தேதி வாக்கில் நாம்தான் தொகையை அனுப்புகிறோம். தொகையைப் பார்த்ததும் நமக்கு போன் வருகிறது.

நான் இப்போது ஒவ்வொரு மாதமும் 2-ஆம் தேதியே என்னிடம் உள்ள 38 கடைக்காரர்களுக்கும் தனித்தனியாக ஒரு வரி அனுப்பிவிடுகிறேன்: “அண்ணாச்சி, 15-லிருந்து 20 வரைக்கும் ஃபைலிங் வேலை, வெளிய வர முடியாது. நேர்ல பேச 8, 9 அல்லது 23-க்கு அப்புறம் சொல்லுங்க, வந்திருதேன்.” இதனால் வரும் அழைப்புகளில் பாதி குறைந்தது. மீதிப் பாதிக்குத்தான் இனி வரும் படிகள்.

2. ‘எதுக்கு அண்ணாச்சி?’ என்று கேட்காமல் பதில் சொல்லாதீர்கள்

கூப்பிட்டவுடன் ‘முடியாது’ என்று சொன்னாலும் தப்பு, ‘பாக்கேன்’ என்று சொன்னாலும் தப்பு. முதலில் என்ன விஷயம் என்று கேட்க வேண்டும். கேட்கிற தோரணை முக்கியம். “எதுக்கு?” என்று மொட்டையாகக் கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும். “என்ன விஷயம்னு சொன்னீங்கன்னா அதுக்கு வேண்டிய பேப்பர எடுத்து வச்சிருவேன் அண்ணாச்சி” என்று கேட்டால் அவரே கொட்டிவிடுவார்.

என் அனுபவத்தில் பத்து அழைப்பில் ஏழுக்கு, அவருக்குத் தேவைப்படுவது நான் வருவது இல்லை, ஒரு விடை. ‘ஏன் இவ்வளவு வரி’, ‘பேங்க்ல இந்தப் பேப்பர் கேக்கான், என்னது இது’, ‘போர்ட்டல்லருந்து ஏதோ நோட்டீஸ் வந்திருக்கு’. இந்த மூன்றில் மூன்றாவதுக்கு மட்டும் ‘முடியாது’ சொல்லும் முன் நோட்டீஸைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதிலுள்ள பதில் கெடுவைப் பாருங்கள். சில நோட்டீஸுக்கு 7 நாள்தான் அவகாசம். அப்படிப்பட்டதாக இருந்தால் 18-ஆம் தேதியானாலும் அது அவசர வேலை. சீனியரிடம் கொண்டுபோய்விடுங்கள்.

3. சீனியரிடம் ஒரு வார்த்தை

நீங்கள் மறுத்ததும் கடைக்காரர் செய்யும் முதல் வேலை, உங்கள் சீனியருக்கு போன் போடுவது. அவர் அங்கே “சரி அண்ணாச்சி, அனுப்பி வைக்கேன்” என்று சொல்லிவிட்டால், நீங்களும் போய்த் தீர வேண்டும், இனி உங்கள் ‘முடியாது’க்கும் மதிப்பில்லை. அதனால் முதலில் சீனியரிடம் சொல்லிவிடுங்கள்: “அம்பை அண்ணாச்சி 18-ந் தேதி கூப்பிடுதாவ, 24-க்கு மாத்தப் போறேன், சரிதான?” ஒரு நிமிஷ வேலை. நான் இதைச் செய்யாமல் ரெண்டு தடவை அசடு வழிந்திருக்கிறேன்.

4. எப்போது, எதில் சொல்வது

அழைப்பு வந்த அன்றே சொல்லிவிட வேண்டும். ஒரு ராத்திரி தாண்டினால் அவர் நாலு பேரிடம் ‘ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து வாராவ’ என்று சொல்லியிருப்பார். மச்சினன் பஸ்ஸுக்கு ஏற்பாடு பண்ணியிருப்பான். அதற்கப்புறம் மறுத்தால் அவருக்கு நாலு பேர் முன்னால் தலைக்குனிவு.

ஆனால் அன்றே என்றாலும் காலையில் சொல்லாதீர்கள். கடை திறந்து போணி ஆகும் முன்னே ‘முடியாது’ என்ற சொல் காதில் விழுவது பல கடைக்காரர்களுக்கு ஆகாது. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, நமக்கு என்ன நஷ்டம்? மத்தியானம் சாப்பிட்டு வந்து, கூட்டம் இல்லாமல் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மூன்று மணிதான் நல்ல நேரம். போன் எடுத்ததும் “கடையில ஆள் நிக்காங்களா அண்ணாச்சி, பேசலாமா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் முன்னால் அவர் நம்மிடம் வழக்காட வேண்டிய நிலை வரக்கூடாது.

ஐம்பது தாண்டியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் மட்டும் மறுப்பை அனுப்பினால் அவர்கள் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘போன் போட்டுச் சொல்லக்கூட நேரம் இல்லையாக்கும்’ என்பார்கள். முதலில் போன், பிறகு அதையே எழுத்தில் ஒரு வாட்ஸ்அப். எழுத்து எதற்கென்றால், புதுத் தேதி இருவருக்கும் ஒன்றாக இருக்க. கடைப் பையன்கள், மகன், மருமகன் எல்லாரும் இருக்கும் குரூப்பில் அழைத்திருந்தாலும் பதிலைக் குரூப்பில் போடாதீர்கள். அவருக்குத் தனியாகச் சொல்லுங்கள். குரூப்பில் வேண்டுமானால் அவரே மாற்றிச் சொல்லட்டும்.

5. என்ன சொல்வது

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம். நான் சொல்லும் வரிசை இது: கூப்பிட்டதற்கு ஒரு நல்ல வார்த்தை, நேரடியாக ‘வர முடியாது’, உண்மையான காரணம் ஒரே வரியில், பதிலாக என்ன செய்கிறேன், எந்தத் தேதி வருகிறேன். இந்த ஐந்தில் எது குறைந்தாலும் பேச்சு இழுக்கும்.

காரணத்தில் ஒரு பொறி இருக்கிறது. நான் முதலில் சொல்லிக்கொண்டிருந்த காரணம் அபராதம்: “20-க்குள்ள போடலன்னா ஃபைன் வரும் அண்ணாச்சி.” கணக்குப் போடத் தெரிந்த மனிதரிடம் இது எடுபடாது. GSTR-3B தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டி. 31,200 ரூபாய் வரி என்றால் ஒரு நாள் வட்டி ஏறக்குறைய 15 ரூபாய். மொத்தம் 65 ரூபாய். அண்ணாச்சி சிரித்துவிட்டு, “அவ்வளவுதான? நான் தாரேன், நீ வா” என்றார். என்னிடம் பதில் இல்லை.

உண்மையான காரணம் அவருடைய அபராதம் இல்லை. மற்ற கடைக்காரர்களின் வேலை. அதைச் சொன்னால் எந்த வியாபாரியும் புரிந்துகொள்வார்: “நீங்க கூப்பிட்டு நான் அங்க வந்துட்டா, வரப் போக அரை நாள் போயிரும். உங்கள மாதிரி இன்னும் இருபது பேருக்கு நான் நாளைக்குள்ள போட்டுக் கொடுக்கணும்.” இதுவும் ஒரு கணக்குதான், ஆனால் அவர் தட்டிக்கழிக்க முடியாத கணக்கு. அவரும் தீபாவளி வாரத்தில் யார் கூப்பிட்டாலும் கடையை விட்டு நகர மாட்டார்.

பொய்க் காரணம் வேண்டவே வேண்டாம். ஒருமுறை வேறொரு கடைக்காரரிடம் ‘மதுரைக்கு வந்திருக்கேன்’ என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் அவருடைய லோடு ஆட்டோ முருகன்குறிச்சியில் எங்கள் ஆபீஸ் தெருவுக்கே சிமெண்ட் இறக்க வந்தது. டீக்கடை வாசலில் நின்ற என்னைப் பார்த்து டிரைவர், “என்ன சார், மதுரைலருந்து வந்தாச்சா?” என்று கேட்டார். அந்தக் கடைக்காரர் இன்று வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

‘உடம்பு சரியில்ல’வும் அப்படித்தான். உடனே வீட்டுக்கு இளநீர் அனுப்பிவிடுவார்கள்.

சொல்லக்கூடாத சொற்கள் சில: ‘பாக்கேன்’, ‘முயற்சி பண்ணுதேன்’, ‘அநேகமா வந்திருவேன்’, ‘சொல்லுதேன்’. இவை நான்கும் நம் பக்கம் ‘வாரேன்’ என்பதற்கே சமம். ‘அப்புறம் பேசுவோம்’ என்பதோ நேர் எதிர், ‘உன் பேச்சு வேண்டாம்’ என்று கேட்கும். தேதி இல்லாத எந்தச் சொல்லும் இந்த இடத்தில் வேலை செய்யாது.

6. மறுப்போடு சேர்த்து என்ன அனுப்ப வேண்டும்

அதே அம்பை அண்ணாச்சி, மறு வருஷம். 15-ஆம் தேதி அவருக்கு ‘இந்த மாதம் கட்ட வேண்டியது 31,200’ என்று அனுப்பினேன். 16-ஆம் தேதி காலையில் போன் வந்தது. “என் கணக்குப்படி 17,000 கூட வராது. 18-ந் தேதி வா, பேசணும்.”

என்ன நடந்தது என்று பார்த்தேன். அந்த மாதம் அவர் விற்றது 6,40,000 ரூபாய்க்கு. 18 சதவீதம் வரி 1,15,200. அவருடைய நோட்டில் கொள்முதல் பில்களில் கட்டிய வரி 98,400 என்று இருந்தது. கழித்தால் 16,800. அவர் சொன்னது சரிதான். ஆனால் GSTR-2B-யில் வந்திருந்த வரி 84,000 மட்டும். கழித்தால் 31,200. நான் சொன்னதும் சரி. இடையில் உள்ள 14,400 எங்கே போயிற்று? மதுரையில் ஒரு மொத்த வியாபாரி போட்ட 80,000 ரூபாய் பில். அவர் அதைத் தன் GSTR-1-இல் ஏற்றவே இல்லை. அவர் ஏற்றாதவரை நம் அண்ணாச்சி அந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது.

இதை நேரில் போய் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. மதுரைக்காரரை ஏற்றச் சொல்லத்தான் வேண்டும், அதை அண்ணாச்சி போனில் சொன்னால்தான் அவர் செய்வார். நான் சொன்னால் செய்ய மாட்டார், நான் அவரிடம் சரக்கு வாங்குபவன் இல்லையே.

ஆகவே மூன்று மணிக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு, பின்னாலேயே வாட்ஸ்அப்பில் இதை அனுப்பினேன்:

“அண்ணாச்சி வணக்கம். கூப்பிட்டுக் கேட்டது நல்லதாப் போச்சு. 18-ந் தேதி என்னால வர முடியாது, 20 வரைக்கும் எல்லாக் கடைக்கும் ஃபைலிங். 14,400 ரூபாய் வித்தியாசம் எங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன், மதுரை பில் ஒண்ணு அவிய ஏத்தல. பில் நம்பர், தேதி, தொகை கீழ இருக்கு. அவியகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அடுத்த மாசம் ஏத்திட்டாவன்னா அந்த 14,400 அப்போ கழிஞ்சிரும், பணம் எங்கயும் போகாது. இந்த மாசம் 31,200 கட்டிருவோம். 24-ந் தேதி புதன் காலைல 11 மணிக்குக் கடைக்கு வாரேன், மச்சினனையும் வரச் சொல்லுங்க.”

இதோடு ரெண்டு பேப்பர் வைத்தேன். ஒன்று, அவருடைய கொள்முதல் பட்டியலையும் GSTR-2B-யையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இல்லாத பில்லை மஞ்சளில் காட்டிய ஒரே ஒரு பக்கம். ரெண்டு, அந்த மதுரை பில்லின் படம். முழு GSTR-2B கோப்பை அனுப்பாதீர்கள். அவர் செல்போனில் அதைத் திறந்து விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, எதுவும் புரியாமல் உங்களுக்கே மறுபடியும் போன் போடுவார்.

பேங்க் பேப்பர் கேட்பதாக இருந்தாலும் இதே முறைதான். எந்தப் பேப்பர் வேண்டும், அதற்கு அவர் என்ன தர வேண்டும், என்று கைக்கு வரும் என்று மூன்று வரி. நேரில் வருவது அதற்கப்புறம்.

7. அழைப்பு காலண்டரில் வந்தால்

எல்லாரும் அண்ணாச்சிகள் இல்லை. கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் உள்ள கம்பெனிகளின் கணக்கு மேலாளர்கள் கூகுள் காலண்டரிலோ அவுட்லுக்கிலோ அழைப்பு அனுப்புவார்கள். இங்கே பண்பாடு வேறு. போன் போட்டால்தான் தொந்தரவு.

கூகுளில் `No` அழுத்திவிட்டு அப்படியே விடாதீர்கள். குறிப்பு எழுதும் வசதியைத் திறந்து ஒரு வரி எழுதுங்கள், அல்லது `Propose a new time` கொடுத்து வேறு நேரம் சொல்லுங்கள். வெறும் `No` கதவைச் சாத்தியது மாதிரி. `Maybe` என்பது ‘பாக்கேன்’ மாதிரிதான், உண்மையிலேயே தெரியாதபோது மட்டும் அதைத் தொடுங்கள். தெரிந்ததும் மாற்றிவிட வேண்டும்.

அவுட்லுக்கில் `Decline` அழுத்தினால் மூன்று வழி காட்டும். அதில் `Do Not Send a Response` என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் காலண்டரிலிருந்து கூட்டம் போய்விடும், ஆனால் அழைத்தவருக்கு எந்தத் தகவலும் போகாது. அவர் உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். என் அம்பை கதைதான் அது. `Edit the Response before Sending` எடுத்து ரெண்டு வரி எழுதி அனுப்புங்கள்.

இன்னொரு பொறி, வாராவாரம் நடக்கும் கூட்டம். இந்த ஒரு வாரம் மட்டும் வர முடியாது என்றால் `This event` தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் `All events` அழுத்தினால் மொத்தத் தொடரையும் மறுத்ததாக அவருக்கு மெயில் போகும். நான் அழுத்தியிருக்கிறேன். ‘எங்கள் கம்பெனி வேலையை விட்டுவிட்டீர்களா?’ என்று கேட்டு மெயில் வந்தது.

எழுதும் வரியும் சுருக்கமாக இருக்கட்டும்: “20 வரை ஃபைலிங் இருப்பதால் 18-ஆம் தேதி கலந்துகொள்ள இயலவில்லை. இருப்பு ஒப்பீட்டுத் தாளை 17 மாலைக்குள் அனுப்பிவிடுகிறேன். 23 அல்லது 24 காலை எனக்குச் சரியாக இருக்கும்.” தாளை அனுப்புவதாக எழுதினால் சொன்ன மாலைக்குள் அனுப்பிவிடுங்கள்.

8. செய்யக்கூடாத காரியத்தைக் கேட்டால்

கூட்டத்துக்கு மறுப்பதைவிடக் கஷ்டம் இது. அண்ணாச்சி அன்று போனில் அடுத்துக் கேட்டது: “பில்லு என் கைல இருக்குல்லா. அந்த 14,400-ஐயும் சேத்துக் கழிச்சிரு.”

இதற்கு ‘பின்னால பாத்துக்கிடலாம்’ என்று சொல்லாதீர்கள். ‘சட்டத்தில இடமில்ல’ என்று மட்டும் சொன்னாலும் போதாது, உங்களுக்குத் துணிச்சல் இல்லை என்று நினைப்பார். நடக்கப்போவதைச் சொல்லுங்கள். GSTR-2B-யில் இருப்பதைவிட ஒரு வரம்புக்கு மேல் அதிகமாக வரியைக் கழித்தால், போர்ட்டலே DRC-01C என்ற தகவலை அனுப்பும். 7 நாளுக்குள் அதிகமாகக் கழித்ததைக் கட்ட வேண்டும், அல்லது காரணம் எழுத வேண்டும். ரெண்டும் செய்யாவிட்டால் அடுத்து GSTR-1 போட விடாது. GSTR-1 போடாவிட்டால் அவரிடம் சரக்கு வாங்கும் காண்ட்ராக்டர்களுக்கு வரி கழிக்கக் கிடைக்காது. நான் சொன்னது இவ்வளவுதான்: “இப்ப மதுரைக்காரர நீங்க ஏசுத மாதிரி, அப்புறம் காண்ட்ராக்டர்மார் உங்கள ஏசுவாவ அண்ணாச்சி.” ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, “அந்த மதுரைக்காரன் நம்பரத் தா” என்றார்.

முன் தேதி போட்டு பில் கேட்பது, கடனுக்காக விற்பனையை ஏற்றிக்காட்டச் சொல்வது, இவற்றுக்கெல்லாம் நீங்களே பதில் சொல்லாதீர்கள். “இது சீனியர் கையெழுத்து போடுத விஷயம் அண்ணாச்சி, அவிய போட மாட்டாவ” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். பேரம் பேச இடமே வைக்கக்கூடாது.

கூலி இல்லாத வேலை கேட்பார்கள், மருமகனுக்கு ஒரு ரிட்டர்ன், மச்சினனுக்கு ஒரு பான் கார்டு. ஒன்றை மட்டும் செய்துகொடுத்துவிட்டு, ரெண்டாவதுக்கு ஆபீஸ் கூலி எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள்.

கோயில் கொடைக்கும் பங்குனி உத்திரத்துக்கும் கூப்பிட்டால் அது கூட்டம் இல்லை, மறுக்காதீர்கள். பங்குனி உத்திரம் பெரும்பாலும் மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தை ஒட்டித்தான் வரும், தெரியும். பத்து நிமிஷம் தலைகாட்டி, திருநீறு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். போகவே முடியாவிட்டால் முந்தின நாளே வரியைக் கொடுத்துவிட்டு, மறுநாள் போய்ப் பிரசாதம் வாங்கிக்கொள்ளுங்கள். கோயில் வரியைச் சொல்கிறேன், ஜிஎஸ்டியை இல்லை.

9. சொன்ன தேதியில் போவது

24-ஆம் தேதி போகாவிட்டால் இதுவரை செய்த எல்லாம் வீண். 23-ஆம் தேதி சாயங்காலம் ஒரு வரி அனுப்புங்கள்: “நாளைக்கு 11 மணிக்கு வாரேன் அண்ணாச்சி.” புது பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்பை போக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆகும், ஒன்பதரைக்குள் பஸ் ஏறிவிடுவேன். பஸ் செலவை ஆபீஸில் வாங்கிக்கொள்ளுங்கள், அண்ணாச்சியிடம் வாங்காதீர்கள். அவர் கட்டாயப்படுத்தினாலும்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: தாக்கல் செய்த GSTR-3B-யின் பிரதி, வரி கட்டிய சலான், அந்த ஒரு பக்க ஒப்பீட்டுத் தாள், அடுத்த மாதத்துக்கு அவர் தர வேண்டிய பில்களின் பட்டியல். போனதும் கணக்கை விரிக்காதீர்கள். முதலில் காபி. வியாபாரம் எப்படி, மச்சினன் பிள்ளை எந்த வகுப்பு, மழை எப்படி. அதற்குப் பத்து நிமிஷம். கணக்குக்கு இருபது நிமிஷம் போதும், ஏனென்றால் தேவையானது எல்லாம் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்று நான் போனபோது மதுரைக்காரரின் போன் கடையில் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி என்னைக் கையால் உட்காரச் சொல்லிவிட்டு, “இன்னா ஆடிட்டர் ஆபீஸ் தம்பியே வந்துட்டான், அவன்கிட்டயே சொல்லும்வே” என்றார். அடுத்த மாதம் 14-ஆம் தேதி அந்த பில் GSTR-2B-யில் வந்திருந்தது. 14,400 கழித்தோம்.